கேண்டிலுக்குள் பங்குகள் எந்த விலையில் கைமாறின?

ஐந்து நிமிட கேண்டில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். காலை 9.15-க்கு 498 ரூபாயில் தொடங்குகிறது, 503.95 வரை ஏறுகிறது, 503.50-ல் முடிகிறது. அந்த ஐந்து நிமிடங்களில் 60,000 பங்குகள் கைமாறியிருக்கின்றன. இந்த அறுபதாயிரத்தில் 499 ரூபாய்க்குக் கைமாறியவை எத்தனை, 503 ரூபாய்க்குக் கைமாறியவை எத்தனை என்று கேட்டால் கேண்டிலிடம் பதில் இல்லை. தொடக்கம், உச்சம், அடி, முடிவு என்ற நான்கு விலைகளையும் ஒரு மொத்த எண்ணிக்கையையும் மட்டுமே அது வைத்திருக்கிறது.

வால்யூம் புரொஃபைல் காட்ட முயல்வது அந்தப் பதிலைத்தான். சாதாரண வரைபடத்தில் வால்யூம் நேரத்துக்கு எதிராக, கீழே செங்குத்துக் கம்பிகளாக நிற்கும். புரொஃபைலில் அதே வால்யூம் விலைக்கு எதிராக, பக்கவாட்டில் படுத்த கம்பிகளாக மாறும். எந்த விலையில் கம்பி நீளமோ அங்கே வணிகம் அதிகம் நடந்திருக்கிறது. மிக நீளமான கம்பி நிற்கும் விலையைச் சந்தையில் பாயிண்ட் ஆஃப் கன்ட்ரோல், சுருக்கமாக பிஓசி, என்கிறார்கள்.

ஒவ்வொரு பரிவர்த்தனையின் விலையும் அளவும் கையில் இருந்தால் இது வெறும் கூட்டல் கணக்கு. நம்மில் பெரும்பாலோருக்கு அந்தப் பதிவு கிடைப்பதில்லை. தரகு நிறுவனங்களின் ஏபிஐ வழியாக 'டிக்' என்ற பெயரில் வருவதும் பெரும்பாலும் இடைவெளி விட்டு எடுத்த படங்களே. ஒவ்வொரு பரிவர்த்தனையும் அதில் வராது. எளிதில் கிடைப்பவை ஒரு நிமிட, ஐந்து நிமிட கேண்டில்கள். அவற்றிலிருந்து புரொஃபைல் கட்டும்போது நாம் செய்வது ஒரு மதிப்பீடு. அந்த மதிப்பீட்டில் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்தால்தான் வரைபடத்தில் தெரியும் கோட்டை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

இந்தச் சிக்கல் பழையது. 1980-களில் சிகாகோ போர்டு ஆஃப் டிரேடில் பீட்டர் ஸ்டைட்ல்மேயர் 'மார்க்கெட் புரொஃபைல்' முறையை உருவாக்கியபோது, கூச்சலிட்டு வணிகம் செய்த அந்தக் களத்தில் விலைவாரியான வால்யூம் உடனுக்குடன் கிடைக்கவில்லை. எனவே அவர் நேரத்தை எண்ணினார். ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஓர் எழுத்து. அந்த அரை மணியில் விலை தொட்ட ஒவ்வொரு படியிலும் அந்த எழுத்து. எழுத்துகள் அதிகம் குவிந்த விலையே சந்தை அதிக நேரம் தங்கிய விலை. இன்று நம்மிடம் வால்யூம் இருக்கிறது. ஆனால் கேண்டிலுக்குள் அது எப்படிப் பரவியது என்பது தெரியாது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நானே அமைத்தவை. பங்கின் டிக், அதாவது விலை நகரக்கூடிய மிகச் சிறிய அளவு, 5 பைசா. ஐந்து கேண்டில்கள்:

| தொடங்கும் நேரம் | அடி | உச்சம் | முடிவு | வால்யூம் |
|---|---|---|---|---|
| 9.15 | 498.00 | 503.95 | 503.50 | 60,000 |
| 9.20 | 501.00 | 503.95 | 501.20 | 30,000 |
| 9.25 | 500.00 | 501.95 | 501.80 | 24,000 |
| 9.30 | 500.00 | 501.95 | 500.30 | 20,000 |
| 9.35 | 499.00 | 500.95 | 499.20 | 16,000 |

மொத்தம் 1,50,000 பங்குகள். விலையை ஒரு ரூபாய் அகல அடுக்குகளாகப் பிரிக்கிறோம்: 498.00 முதல் 498.95 வரை ஓர் அடுக்கு, 499.00 முதல் 499.95 வரை அடுத்தது, இப்படியே.

பலரும் முதலில் எழுதும் நிரல், கேண்டிலின் வால்யூம் முழுவதையும் அதன் முடிவு விலை விழும் அடுக்கில் போட்டுவிடும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு வரிகளில் வேலை முடிந்துவிடுகிறது, படமும் பார்க்க நன்றாக வருகிறது. இந்தக் கணக்கில் அப்படிச் செய்தால் 503 அடுக்கில் 60,000, 501-ல் 54,000, 500-ல் 20,000, 499-ல் 16,000 விழும். பிஓசி 503 என்று வரும். ஆனால் பட்டியலை மறுபடி பாருங்கள். 9.25-க்குப் பிறகு விலை 502-க்கு மேல் போகவே இல்லை. முதல் கேண்டில் தற்செயலாக உச்சத்துக்கு அருகில் முடிந்ததால், வழி நெடுகிலும் கைமாறிய அறுபதாயிரம் பங்குகளும் ஒரே இடத்தில் குவிந்துவிட்டன.

இதற்கு மாற்று, கேண்டிலின் அடிக்கும் உச்சத்துக்கும் இடையே உள்ள எல்லா டிக்குகளுக்கும் வால்யூமைச் சமமாகப் பங்கிடுவது. முதல் கேண்டிலில் 498.00 முதல் 503.95 வரை 120 டிக்குகள்; டிக் ஒன்றுக்கு 500 பங்குகள்; ஓர் அடுக்குக்கு 20 டிக்குகள், ஆக 10,000 பங்குகள். மற்ற நான்கையும் இதேபோல் பங்கிட்டுக் கூட்டினால்:

| அடுக்கு | பங்குகள் |
|---|---|
| 503 | 20,000 |
| 502 | 20,000 |
| 501 | 42,000 |
| 500 | 40,000 |
| 499 | 18,000 |
| 498 | 10,000 |

பிஓசி 501-க்கு இறங்கிவிட்டது. தரவு மாறவில்லை, பங்கிட்ட விதம் மட்டுமே மாறியது. அதனால் இரண்டு ரூபாய் வித்தியாசம்.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
def profile(bars, tick=0.05, step=20):
    out = {}
    for low, high, vol in bars:
        a, b = round(low / tick), round(high / tick)
        share = vol / (b - a + 1)
        for t in range(a, b + 1):
            row = t // step
            out[row] = out.get(row, 0) + share
    return out
```

இதில் இரண்டு இடங்களைக் கவனிக்க வேண்டும். விலையை முதலிலேயே டிக் எண்ணிக்கையாக, முழு எண்ணாக, மாற்றிவிடுகிறோம். `round` இல்லாமல் `int` போட்டால் கணினியின் தசமப் பிழை உள்ளே நுழையும். பைத்தானில் `0.15 / 0.05` என்று கேட்டுப் பாருங்கள். 3 வராது, `2.9999999999999996` வரும். `int` அதை 2 ஆக்கிவிடும். இப்படி அடுக்கின் ஓரத்தில் நிற்கும் விலைகள் ஓசையில்லாமல் கீழ் அடுக்குக்குப் போய்விடும். அடுத்தது அந்த `+ 1`. உச்சமும் அடியும் ஒன்றாக இருக்கும் கேண்டில்கள் வணிகம் குறைந்த பங்குகளில் நிறைய வரும். `+ 1` இருப்பதால் அங்கே பூஜ்யத்தால் வகுக்கும் நிலை வராது. முழு வால்யூமும் அந்த ஒரே டிக்கில் சேரும்.

நிரலை ஓட்டியதும் எல்லா அடுக்குகளையும் கூட்டிப் பார்க்க வேண்டும். கேண்டில்களின் மொத்த வால்யூமுக்கு அது சமமாக வர வேண்டும். நம் கணக்கில் 1,50,000 வருகிறது.

அடுத்தது வேல்யூ ஏரியா: நாளின் வால்யூமில் 70 விழுக்காடு அடங்கும் விலை வரம்பு. மணி வடிவப் பரவலில் சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் ஏறத்தாழ 68 விழுக்காடு அடங்கும் என்பதிலிருந்து வந்த எண் அது. 1,50,000-ல் 70 விழுக்காடு 1,05,000. பிஓசி அடுக்கிலிருந்து தொடங்கி, மேலே உள்ள அடுக்கையும் கீழே உள்ளதையும் ஒப்பிட்டு, பெரியதைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். 501-ல் 42,000. மேலே 502-ல் 20,000, கீழே 500-ல் 40,000. கீழ் அடுக்கைச் சேர்த்தால் 82,000. இப்போது மேலே 20,000, கீழே 499-ல் 18,000. மேல் அடுக்கைச் சேர்த்தால் 1,02,000. இன்னும் போதவில்லை. மறுபடி மேலே 503-ல் 20,000, சேர்த்தால் 1,22,000. ஆக வேல்யூ ஏரியா 500 முதல் 504 வரை.

பழைய வழக்கப்படி அடுக்குகளை இரண்டிரண்டாக ஒப்பிடுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் முதல் சுற்றில் மேலே 40,000, கீழே 58,000. கீழ் இரண்டும் சேர்ந்து ஒரு லட்சம் ஆகும். அடுத்த சுற்றில் மேல் இரண்டும் சேரும். எல்லை 499 முதல் 504 என்று வரும். இரண்டு மென்பொருள்கள் ஒரே நாளுக்கு வேறு வேறு வேல்யூ ஏரியா காட்டினால், பெரும்பாலும் காரணம் இதுவோ அடுக்கின் அகலமோதான்.

சமமாகப் பங்கிட்டதும் ஓர் அனுமானமே என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த முதல் கேண்டிலைத் திறந்து பார்ப்போம். அதே ஐந்து நிமிடங்களுக்கு ஒரு நிமிட கேண்டில்கள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடத்தில் 498.00 முதல் 499.95-க்குள் 32,000 பங்குகள் கைமாறியிருக்கின்றன. இரண்டாவதில் 499.00 முதல் 500.95-க்குள் 10,000. அடுத்த மூன்று நிமிடங்களிலும் விலை ரூபாய் ரூபாயாக மேலே நகர, நிமிடத்துக்கு 6,000 மட்டும். மொத்தம் அதே 60,000. ஆனால் பாதிக்கு மேல் தொடக்க விலைக்கு அருகிலேயே நடந்துவிட்டது. பிறகு வந்த ஏற்றத்தில் வணிகம் மெலிந்துவிட்டது. காலை நேரத்தில் இது அரிய காட்சி அல்ல.

மற்ற நான்கு கேண்டில்களையும் அப்படியே விட்டு, முதல் கேண்டிலுக்கு மட்டும் இந்த நுணுக்கமான தரவைப் போட்டால் அடுக்குகள் கீழிருந்து மேலாக 16,000, 29,000, 38,000, 38,000, 16,000, 13,000 என்று வருகின்றன. 500-ம் 501-ம் சமம்! சற்று முன் 2,000 பங்குகள் வித்தியாசத்தில் வென்ற பிஓசி இப்போது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. வேல்யூ ஏரியாவை மறுபடி கணக்கிட்டால் 499 முதல் 502 வரை, சரியாக 1,05,000 பங்குகள். மேல் எல்லை 504-லிருந்து 502-க்கு வந்துவிட்டது. ஐந்து நிமிட கேண்டிலை நம்பி 504-ஐ எல்லையாக வைத்தவர், வணிகம் மெலிந்த பகுதி ஒன்றைக் கனமான பகுதியாக நினைத்திருப்பார்.

கேண்டில் வழியாகக் கட்டிய புரொஃபைலில் பிழை நாள் முழுவதும் ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை என்பதை இதிலிருந்து காணலாம். விலை வீச்சும் வால்யூமும் ஒருங்கே பெரிதாக இருக்கும் கேண்டிலில்தான் அது குவியும். தேசியப் பங்குச்சந்தையில் வணிகம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை, ஐந்து நிமிட கேண்டில்கள் 75, ஒரு நிமிட கேண்டில்கள் 375. மதிய நேரத்து கேண்டில்கள் சிறியவை. அவற்றை எப்படிப் பங்கிட்டாலும் விடை பெரிதாக மாறாது. காலை முதல் கால் மணி நேரம் அப்படியல்ல. அந்த நேரத்துக்கு மட்டுமாவது கிடைக்கும் மிக நுணுக்கமான தரவைப் பயன்படுத்துவதே நான் கண்ட நல்ல வழி.

சமமாகப் பங்கிடுவதை விட்டு, கேண்டிலின் உடலுக்கு அதிகம், மேலும் கீழும் நீளும் திரிகளுக்குக் குறைவு என்று எடை போடும் முறைகளும் புழக்கத்தில் இருக்கின்றன. எனக்கு அவற்றில் உடன்பாடில்லை. விலை சட்டென்று சரிந்து, அடியில் ஸ்டாப்-லாஸ் ஆணைகள் வரிசையாக உடைந்து, அங்கேயே பெரிய அளவில் வாங்குவோர் வந்து, விலை திரும்பி ஏறும் கேண்டிலை நினைத்துப் பாருங்கள். நீண்ட திரி, வால்யூமின் பெரும்பகுதி அந்தத் திரியின் நுனியில். உடலுக்கு எடை கொடுக்கும் முறை அங்கே தவறான திசையில் திருத்தும். கேண்டிலின் வடிவத்தில் இல்லாத தகவலை வடிவத்திலிருந்து பிழிந்தெடுக்க முயல்வதைவிட, சிறிய கேண்டிலைத் தேடிப் போவது மேல்.

சமநிலையில் நின்ற அந்த 500-501 பிரச்சினைக்கு வருவோம். அடுக்குகளின் தொடக்கத்தை அரை ரூபாய் நகர்த்திப் பார்க்கலாம்: 497.50, 498.50, 499.50 என்று. ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்குகள் இரண்டின் பாதியால் ஆனதாகிவிடும். கீழிருந்து 8,000, 22,500, 33,500, 38,000, 27,000, 14,500, 6,500. இப்போது ஒரே உச்சி, 500.50 முதல் 501.45 வரையான அடுக்கில். ஐந்து நிமிடத் தரவுக்கும் இதே நகர்த்தலைச் செய்தால் உச்சி அதே அடுக்கில்தான் வருகிறது, 41,000 பங்குகளுடன். ஆக, அடுக்கின் கோடு சரியாக 501-ல் விழுந்ததால் வணிகத்தின் குவியல் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. உண்மையான மையம் 501-ஐ ஒட்டியே இருக்கிறது.

எந்தப் புரொஃபைலையும் நம்புவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்வது வழக்கமாக வேண்டும். அடுக்கை அரை அகலம் நகர்த்தியதும் பிஓசி வேறு இடத்துக்குத் தாவினால், அந்த நாளுக்குத் தெளிவான பிஓசி இல்லை என்று பொருள். அப்போது ஒரு கோடு போடாமல் பட்டையாகக் குறித்துக்கொள்வது நேர்மையானது. நம் கணக்கில் அது 500 முதல் 502 வரையான பட்டை.

அடுக்கின் அகலத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஒரு கேண்டிலின் வழக்கமான வீச்சைவிட மிகக் குறுகலான அடுக்குகளை வைத்தால், கூடுதல் தகவல் எதுவும் வராது. நாமே சமமாகப் பரப்பிய வால்யூமைத்தான் நுணுக்கமாகத் திரும்பப் பார்ப்போம். ஒரு நிமிட கேண்டில்களின் நடு வீச்சு 60 பைசா என்றால் 50 பைசா அடுக்கு பொருத்தம். 5 பைசா அடுக்கில் தெரியும் பற்பல முகடுகள் கேண்டில்களின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததால் உண்டானவை.

தரவிலேயே சில பொறிகள் உள்ளன. காலை 9 மணி முதல் 9.15 வரை நடக்கும் ப்ரீ-ஓப்பன் அமர்வில் ஆணைகள் திரட்டப்பட்டு, ஒரே விலையில் பொருத்தப்படுகின்றன. அந்த வால்யூமைச் சில தரவுகள் தனியாகத் தரும், சில 9.15 கேண்டிலோடு சேர்த்துவிடும், சில விட்டுவிடும். சேர்ந்திருந்தால், ஒரே விலையில் கைமாறிய பங்குகளை நம் நிரல் முழு வீச்சுக்கும் பரப்பிவிடும். முதல் கேண்டிலில் ஏற்கெனவே இருக்கும் பிழையோடு இதுவும் சேரும். அந்த அளவு தெரிந்தால் அதைக் கழித்து, தொடக்க விலையின் அடுக்கில் நேரடியாகப் போட வேண்டும். நிஃப்டி போன்ற குறியீட்டுக்கு இன்னொரு சிக்கல்: குறியீடு நேரடியாகக் கைமாறும் பொருளல்ல, எனவே அதற்குச் சொந்த வால்யூம் கிடையாது. நிஃப்டி ஃபியூச்சரில்தான் புரொஃபைல் கட்ட வேண்டும். மாதம் மாறும்போது இரு ஒப்பந்தங்களின் விலை வேறுபடுவதால் பழையதையும் புதியதையும் ஒரே அடுக்கில் கொட்டக் கூடாது.

பல வாரங்களைச் சேர்த்துக் கட்டுவோர் போனஸ், பங்குப் பிரிப்பு நாட்களையும் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று போனஸ் வந்தால் பழைய விலைகள் பாதியாகத் திருத்தப்படும். பழைய வால்யூம் இரண்டு மடங்காகத் திருத்தப்பட்டிருக்கிறதா என்பதை நாமே சரிபார்க்க வேண்டும். போனஸுக்கு முந்தைய அடுக்குகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் மெலிந்து தெரிந்தால் அந்தத் திருத்தம் நடக்கவில்லை என்று சந்தேகிக்கலாம். பங்கு எண்ணிக்கைக்குப் பதில் விலையையும் எண்ணிக்கையையும் பெருக்கிய ரூபாய் மதிப்பைப் பங்கிட்டால், திருத்தாத விலையோடு திருத்தாத வால்யூமைப் பெருக்கும்வரை இந்தத் தொல்லை பெருமளவு குறையும்; அடுக்கை மட்டும் திருத்திய விலையில் தேர்ந்தெடுத்தால் போதும்.

இவ்வளவும் சரியாகச் செய்த பிறகு கிடைக்கும் நீளமான கம்பி என்ன சொல்கிறது? அந்த விலையில் நிறையப் பங்குகள் கைமாறின என்பதை மட்டும் சொல்கிறது. விற்றவரும் வாங்கியவரும் சம அளவில் இருந்ததால்தான் கைமாற்றமே நடந்தது. எனவே யார் கை ஓங்கியது என்பது அதில் இல்லை. அந்த விலையில் வாங்கியவர்கள் இன்னும் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள், விலை திரும்பி வந்தால் காப்பாற்றுவார்கள் என்பது நாம் ஏற்றிச் சொல்லும் ஊகம். அன்றே வாங்கி அன்றே விற்றுவிட்டவர்களின் வால்யூமும் அதே கம்பியில்தான் இருக்கிறது, 3.30-க்குப் பிறகு அவர்களுக்கு 501 ரூபாயோடு எந்த உறவும் இல்லை. தேசியப் பங்குச்சந்தை ஒவ்வொரு பங்குக்கும் அன்றைய வால்யூமில் டெலிவரி ஆன அளவை நாள்தோறும் வெளியிடுகிறது. ஒரு நாளின் பிஓசியை அடுத்த வாரத்துக்கு எடுத்துச் செல்வதற்கு முன் நான் பார்ப்பது அந்த எண்ணைத்தான். டெலிவரி விழுக்காடு அந்தப் பங்கின் வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்தால், நீளமான கம்பியாக இருந்தாலும் அன்றைய பிஓசியை அன்றோடு அழித்துவிடுகிறேன்.